கட்டம் போட்ட சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

"பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கட்டம் போட்ட காட்டன் சட்டைகள். விலையில் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம். தையல் நெருக்கமாக இருந்தால் நல்ல சட்டை என்கிறார்களே, அது உண்மையா? கடையில் நின்றபடியே வேறு எதையெல்லாம் பார்த்து முடிவு செய்யலாம்?"

பாதி உண்மை. நெருக்கமான தையல், அந்தச் சட்டையை அவசரப்படாமல் தைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். சட்டை உழைக்குமா என்பதை அது மட்டும் சொல்லாது. நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது: முதலில் பக்கத் தையலின் உள்பக்கம், பிறகு ஸ்டிச் எண்ணிக்கை, பிறகு கட்டங்கள் சேர்ந்திருக்கும் விதம், கடைசியில்தான் துணியைத் தொட்டுப் பார்ப்பது. பெரும்பாலும் நாம் செய்வது இதற்குத் தலைகீழ். மேலே தடவிப் பார்க்கிறோம், காலரைப் பார்க்கிறோம், அளவைப் பார்க்கிறோம், உள்பக்கம் திருப்புவதே இல்லை. காலரும் முன்பட்டியும் நாலு பேர் கண்ணில் படும் இடங்கள் என்பதால் சுமாரான சட்டையிலும் அவற்றை ஒழுங்காகத் தைத்துவிடுவார்கள். அக்குளுக்குக் கீழே உள்பக்கத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அங்கே தெரிவதைத்தான் நம்பலாம்.

சட்டையை உள்வெளியாகத் திருப்பி, அக்குளிலிருந்து இடுப்பு வரை இறங்கும் தையலைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்று இருக்கும். முதல் வகையில், வெட்டிய துணி ஓரத்தை நூல் வலைபோலச் சுற்றியிருக்கும், அதாவது ஓவர்லாக். இதில் கவனிக்க வேண்டியது, அந்த வலைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நேர்த்தையல் ஓடுகிறதா என்பது. ஓடினால் அது ஐந்து நூல் ஓவர்லாக். இரண்டு துணியையும் பிடித்துக்கொள்வது அந்த நேர்த்தையல், ஓரம் பிசிறாமல் காப்பது வலை. நேர்த்தையல் இல்லாமல் வலை மட்டும் இருந்தால், ஓரம் பிசிறாமல் காக்க வந்த நூலே சட்டையின் முழு இழுவையையும் தாங்குகிறது என்று பொருள். பனியன் துணிக்கு அது சரி, துணியோடு சேர்ந்து நீளும். நெய்த துணிச் சட்டைக்கு அது போதாது. கையைத் தூக்கி எதையாவது எடுக்கும்போதெல்லாம் தையல் கொஞ்சம் கொஞ்சமாக வாய் பிளக்கும்.

இரண்டாம் வகையில் வெட்டிய ஓரமே கண்ணில் படாது. இரண்டு துண்டுகளின் ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மேலே இரண்டு வரிசை தைத்திருப்பார்கள். ஜீன்ஸ் பேண்ட் காலின் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், அதேதான். சட்டையில் இதை இரட்டை ஊசி மெஷினில் ஒரே ஓட்டமாகத் தைப்பார்கள். வெளியே இரண்டு இணை கோடுகள் தெரியும், உள்ளே நூல் சின்னச் சின்னப் பின்னல் மாதிரி இருக்கும். அந்தப் பின்னல்தான் சங்கிலித் தையல். பலமானது, இழுத்தால் கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். ஒரே ஒரு பலவீனம், நூல் அறுந்தால் ஒரு பக்கமாகக் கடகடவென்று பிரிந்துவிடலாம். ஆகவே அதன் கீழ்முனை சட்டையின் அடிமடிப்புக்குள் போய் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வால் மாதிரித் தொங்கினால் நல்லதல்ல.

மூன்றாம் வகை, அதே மடிப்பை ஒற்றை ஊசியில் இரண்டு தடவையாகத் தைப்பது. முதல் தையல் மடிப்புக்குள் மறைந்துவிடும், வெளியே ஒரு கோடு மட்டும் தெரியும். மடிப்பு ஒல்லியாக, தட்டையாக இருக்கும். இதற்கு நேரமும் கைப்பழக்கமும் அதிகம் வேண்டும். அதனால் விலை கூடிய சட்டைகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மடிப்புத் தையல் என்பதாலேயே ஓவர்லாக்கைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்ல முடியாது. ஒழுங்காகப் போட்ட ஐந்து நூல் ஓவர்லாக், கோணல்மாணலாகப் போட்ட மடிப்புத் தையலைவிட நிச்சயம் மேல். மடிப்புத் தையலில் வரக்கூடிய மோசமான குறை, உள்ளே மடிந்திருக்க வேண்டிய ஓரம் நழுவி ஊசிக்கு அகப்படாமல் போவது. வெளியிலிருந்து பார்த்தால் தையல் கோடு ஒழுங்காகத்தான் இருக்கும். உள்பக்கம் அக்குளுக்குக் கீழே விரலை ஓட்டினால் ஓர் இடத்தில் மடிப்பு தட்டாமல், வெட்டிய ஓரத்தின் பிசிறு விரலில் படும். அக்குளில் தையல்கள் ஒன்றோடொன்று சந்திப்பதால் துணி கனத்துப்போய், மடிப்பு நழுவ அங்கேதான் வாய்ப்பு அதிகம். இரண்டு அக்குளிலும் விரலை ஓட்டிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

உள்பக்கத்தில் இருக்கும்போதே ஓர் இழுப்புச் சோதனை. தையலுக்கு இருபுறமும் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, உடுத்தும்போது விழும் அளவு இழுவையோடு குறுக்கே இழுங்கள். சட்டையை வெளிப்பக்கம் திருப்பி, அதே இழுப்பில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு விதமான இடைவெளி தெரியலாம், இரண்டும் ஒன்றல்ல. தையல் நடுவே திறந்து, நூல் ஏணிப் படிகள் போல் குறுக்கே தெரிந்தால் தையல் நூலின் டென்ஷன் தளர்ச்சி. தையல் இறுக்கமாகவே இருந்து, அதற்குப் பக்கத்தில் துணியின் இழைகள் நகர்ந்து வெற்றிடம் தெரிந்தால் குறை துணியில். நெசவு தளர்வாகவோ இழை வழவழப்பாகவோ இருக்கிறது. முதல் குறையைத் தையற்காரர் மறுபடி ஒரு ஓட்டு ஓட்டிச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதுக்கு மருந்து கிடையாது. எவ்வளவு நெருக்கமாகத் தைத்தாலும் இழை நழுவிக்கொண்டே இருக்கும், உடம்போடு ஒட்டிப் போடும் அளவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் நழுவும்.

இப்போது ஸ்டிச் எண்ணிக்கைக்கு வருகிறேன். ஊசி ஒரு முறை இறங்கி மறுமுறை இறங்குவதற்குள் விழும் நூலின் நீளம் ஒரு ஸ்டிச். ஒரு இன்ச்சில் எத்தனை என்பதுதான் கணக்கு. கடையில் ஸ்கேல் இருக்காது, ஆனால் பாக்கெட்டில் ஏடிஎம் கார்டு இருக்கும். எல்லா வங்கிக் கார்டுகளும் ஒரே அளவுதான், அதன் குட்டையான பக்கம் 54 மில்லிமீட்டர், அதாவது இரண்டு இன்ச்சுக்குச் சற்று மேல். அந்தப் பக்கத்தைச் சட்டையின் முன்பட்டித் தையல் மீது வைத்து, கார்டு முழுவதற்கும் ஸ்டிச் எண்ணுங்கள். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணலாம். கிடைத்ததை 2.1 ஆல் வகுத்தால் இன்ச் கணக்கு வந்துவிடும். 21 வந்தால் இன்ச்சுக்கு 10, 26 வந்தால் 12, 38 வந்தால் 18.

நெய்த காட்டன் சட்டைக்கு 8, 9 என்பது குறைவு. 12 முதல் 14 வரை நன்றாகவே உழைக்கும். 16க்கு மேல் போனால் நேர்த்திக்காகச் செய்த வேலை. இது மெல்லிய சட்டைத் துணிக்கான கணக்கு மட்டுமே. ஜீன்ஸ் போன்ற கனத்த துணியில் கனமான நூலில் 7, 8 ஸ்டிச் இருப்பதுதான் முறை, அதைப் பார்த்துக் குறை சொல்லக் கூடாது. எண்ணிக்கையைக் குறைக்க ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பதும் எளிதில் புரியும். நிமிடத்துக்கு 4000 ஸ்டிச் போடும் மெஷின், இன்ச்சுக்கு 10 என்றால் 400 இன்ச் ஓடும், 20 என்றால் 200 இன்ச்தான் ஓடும். துணியை எடுத்து வைத்துத் திருப்புவதற்கே தைப்பவரின் நேரத்தில் பெரும்பகுதி போய்விடுவதால், நடைமுறையில் வித்தியாசம் இரு மடங்காக இருக்காது. ஆனாலும் ஆயிரக்கணக்கான சட்டைகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய தொகை.

அப்படியானால் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லதா என்றால், இல்லை. ஒவ்வொரு ஸ்டிச்சும் துணியில் ஒரு துளை. அளவுக்கு மிஞ்சினால் தபால் தலை ஓரத்தில் கிழிப்பதற்கென்று துளையிட்டிருப்பார்களே, அந்த வேலையைத்தான் தையல் செய்யும். இன்னொன்று, நெருக்கமாக நெய்த மெல்லிய துணிக்குள் நூல் போய் உட்கார இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் பக்கத்து இழைகளை நெட்டித் தள்ளும், அந்தத் தையல் நெடுகச் சின்னச் சின்ன அலையாகச் சுருங்கும். தையலை நீளவாக்கில் லேசாக இழுத்துப் பிடித்தால் சுருக்கம் மறைந்து, விட்டவுடன் திரும்ப வந்தால், அது தைக்கும்போதே துணிக்குள் புகுந்துவிட்ட சுருக்கம். அயர்ன் போட்டால் அன்றைக்குப் போகும், அடுத்த சலவையில் திரும்பி நிற்கும். கடையில் சட்டையை அழுத்தி மடித்து வைத்திருப்பதால் இது பெரும்பாலும் முன்பட்டியில் தெரியாது. அயர்ன் அவ்வளவாகப் படாத, கை உடம்போடு சேரும் தையலிலும் பக்கத் தையலிலும் தேடுங்கள்.

எண்ணிக்கையைவிட நான் அதிகம் மதிப்பது சீரான தன்மையை. காலர் முனை, கஃபின் வளைவு, பாக்கெட்டின் கீழ்முனை ஆகிய மூன்றும் தைப்பவர் வேகத்தைக் குறைத்துத் திருப்பியாக வேண்டிய இடங்கள். நேராக ஓடும்போது இருந்த அதே ஸ்டிச் நீளம் வளைவிலும் இருந்தால், ஓரத்திலிருந்து தையலுக்கு உள்ள தூரமும் மாறாமல் இருந்தால், அந்தக் கை பழகிய கை. முனைக்கு வந்ததும் இரண்டு மூன்று ஸ்டிச் திடீரென்று நீண்டோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ இருந்தால், அதே கை உள்பக்கத்திலும் அப்படித்தான் தைத்திருக்கும் என்று சந்தேகப்படலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பெரிய தொழிற்சாலையில் காலர் தைப்பவர் வேறு, பக்கம் சேர்ப்பவர் வேறு.

கட்டம் சேர்ப்பது தையலைவிட வெட்டும் மேசையைப் பற்றி அதிகம் சொல்லும். முதலில் கட்டம் நெய்ததா அச்சடித்ததா என்று பாருங்கள். உள்பக்கமும் அதே நிறத்தில் தெளிவாக இருந்தால் சாயமேற்றிய நூலால் நெய்தது. உள்பக்கம் வெளிறிப் போயிருந்தால் அச்சு. நெய்த கட்டத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கோடுகளே பாவும் ஊடையும் என்பதால், துணி நேராக வெட்டப்பட்டதா என்பதைக் கோடே காட்டிக் கொடுத்துவிடும். முன்பட்டி ஓரத்தை ஒட்டி மேலிருந்து இறங்கும் ஒரு செங்குத்துக் கோட்டைப் பின்தொடருங்கள். கழுத்தருகே ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்ததோ, அடியிலும் அவ்வளவே தள்ளி இருக்க வேண்டும். போகப் போக ஓரத்துக்குள் மறைந்தால் அந்தத் துண்டு கோணலாக வெட்டப்பட்டது. அப்படிப்பட்ட சட்டை துவைத்த பிறகு ஒரு பக்கமாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். அச்சுக் கட்டத்தில் இந்தச் சோதனை செல்லாது. அச்சே இழைக்குக் கோணலாக விழுந்திருக்கலாம். அப்போது கோட்டை நேராக வைத்தால் இழை கோணும், இழையை நேராக வைத்தால் கோடு கோணும்.

அடுத்து பட்டன்களைப் போட்டு, முன்பக்கத்தை மேசை மேல் விரியுங்கள். இடமிருந்து வலமாகப் போகும் கோடு பட்டியைத் தாண்டியும் தடங்கலில்லாமல் தொடர வேண்டும். பிறகு பாக்கெட். நல்ல வேலையில் பாக்கெட் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனக் கண்ணுக்குத் தெரியாது, கட்டங்கள் அதற்கு மேல் அப்படியே ஓடும். பிறகு பக்கத் தையல். அக்குளுக்குக் கீழிருந்து அடி வரை முன் துண்டின் குறுக்குக் கோடுகள் பின் துண்டின் கோடுகளைச் சந்திக்க வேண்டும். இங்கே விலகல் இருந்தால் அது எப்படிப்பட்டது என்று பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு விலகியிருந்தால், வெட்டும்போதே துண்டு தள்ளிப் போயிருக்கிறது, அல்லது கட்டம் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. அழகுக்குத்தான் குறை, சட்டையின் ஆயுளுக்கு இல்லை. மேலே சேர்ந்திருந்து கீழே போகப் போக விலகினால் கதை வேறு. மெஷினின் பல் அடித் துணியை வேகமாகத் தள்ள, மேல் துணி பின்தங்கியிருக்கிறது, தைப்பவர் கையால் அதைச் சமன் செய்யவில்லை. இந்தச் சட்டையில் பெரும்பாலும் அதே தையல் நெடுகச் சுருக்கமும் இருக்கும். முன்னதை நான் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

எல்லா இடத்திலும் சேராததற்குச் சட்டையைக் குற்றம் சொல்லவும் கூடாது. கையின் மேல்வளைவு, அது போய்ச் சேரும் உடம்பு வளைவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டப்படுவதால் தோள்வரை கட்டம் சேரவே சேராது. முன்பக்கம் நெஞ்சு மட்டத்தில் கையின் குறுக்குக் கோடும் உடம்பின் குறுக்குக் கோடும் ஒரு சில கோடுகளுக்குத் தொடர்ந்தால் அது நல்ல வேலை. தோளுக்குக் குறுக்கே போகும் யோக் துண்டும் கீழே உள்ள துண்டோடு முழுக்கச் சேர்வது கடினம். கட்டம் மிகச் சிறியதாக, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சேர்ந்ததா இல்லையா என்பதே பொருட்டல்ல. பெரிய கட்டத்தில்தான் சேர்ப்பதற்குச் செலவு. ஆறு சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பி வரும் கட்டம் என்றால், ஒரு துண்டைச் சரியான கோட்டுக்குக் கொண்டுவர ஆறு சென்டிமீட்டர் வரை துணியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பாக்கெட்டையும் யோக்கையும் மூலைவாட்டில் வெட்டி, கட்டம் வைரம் போலத் தெரியும்படி வைத்திருந்தால், அது அழகுக்காகவும் இருக்கலாம், சேர்க்கும் வேலையைத் தவிர்க்கவும் இருக்கலாம். அதை வைத்து நல்லது கெட்டது எதுவும் தீர்மானிக்க வேண்டாம்.

துணியைத் தொட்டுப் பார்ப்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், நாம் தொடுவது பெரும்பாலும் துணியின் மேல் ஏற்றிய பூச்சை. வழவழப்பான மென்மைக்கு சிலிக்கோன் போன்ற மென்மையாக்கிகளைச் சேர்ப்பார்கள், சலவைக்குச் சலவை அது குறையும். கனமாகவும் மொடமொடப்பாகவும் தெரிவதற்குக் கஞ்சி ஏற்றியிருக்கலாம். சட்டையின் அடிப்பகுதியில் துணியை மடித்து இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்துவிட்டுப் பாருங்கள். விரலில் மாவு போல் ஒட்டினாலோ, தேய்த்த இடம் மட்டும் தொய்ந்து மெல்லியதாகிப் போனாலோ, நீங்கள் தொட்ட கனம் வீட்டுக்கு வந்து முதல் துவைப்பிலேயே போய்விடும். தேய்த்த இடத்தில் பஞ்சு மாதிரி நார் எழும்பினால் நூலில் குட்டை நார் அதிகம், நாளடைவில் உருண்டை உருண்டையாகத் திரளக்கூடும்.

பிறகு துணியை ஒற்றையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எல்லாச் சட்டைத் துணியிலும் வெளிச்சம் கொஞ்சம் கசியும், அது குறையல்ல. ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நூலோ நெசவோ சீராக இல்லை. இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து அழுத்தி, துணியை எதிரெதிர்த் திசையில் தள்ளுங்கள். இழைகள் விலகி வழிவிட்டால், இழுப்புச் சோதனையில் சொன்ன நழுவும் துணி இதுதான். கையில் கசக்கி விட்டுப் பார்ப்பதைப் பலரும் செய்கிறார்கள், ஆனால் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சுத்தமான காட்டன் கசங்கத்தான் செய்யும். கசங்காத சட்டையில் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம், அல்லது கசங்காமலிருக்க ரெசின் ஏற்றியிருக்கலாம். ரெசின் காட்டன் இழையின் பலத்தைக் குறைக்கும். அயர்ன் போட நேரமில்லாதவர் அதைத் தெரிந்தே வாங்கலாம், அதில் தவறில்லை. அடர்ந்த நிறமாக இருந்தால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உள்பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டையால் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள். உலர்ந்த கைக்குட்டையிலேயே சாயம் ஒட்டினால் வியர்வையில் இன்னும் அதிகம் ஒட்டும்.

உங்கள் இரண்டு சட்டைகளையும் இந்த முறையில் மேசைக்குக் கொண்டுவருவோம். விலை குறைந்ததில் கார்டு அகலத்துக்கு 26 ஸ்டிச் என்று வைத்துக்கொள்வோம், இன்ச்சுக்கு 12. பக்கத்தில் ஐந்து நூல் ஓவர்லாக், நேர்த்தையல் தெளிவாக இருக்கிறது, இழுத்தால் திறக்கவில்லை. முன்பட்டியில் கட்டம் சேர்ந்திருக்கிறது. பக்கத் தையலில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அரை சென்டிமீட்டர் விலகல். விலை கூடியதில் 38 ஸ்டிச், இன்ச்சுக்கு 18. ஒற்றை ஊசி மடிப்புத் தையல், பாக்கெட்டும் பக்கமும் அச்சு அசலாகச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இடது அக்குளுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்கு மடிப்பு நழுவி, வெட்டிய ஓரம் வெளியே நிற்கிறது. இரண்டு துணியும் மற்ற சோதனைகளில் சமம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். ஆனால் இந்த இரண்டு பீஸில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் முதலாவதை எடுப்பேன். அதன் குறை பக்கவாட்டில் உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும், இரண்டாவதன் குறையோ இழுவை அதிகம் விழும் இடத்திலேயே பிரியத் தொடங்கும். அதே டிசைனில் இன்னொரு பீஸ் கேட்டு, அதில் இரண்டு அக்குளும் சரியாக இருந்தால், கூடுதல் விலைக்குக் கட்டச் சேர்ப்பும் மெல்லிய மடிப்பும் கிடைக்கின்றன. அவை உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆயுள் இரட்டிப்பாகும் என்று எண்ணி அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இத்தனை பார்த்தும் கடையில் பிடிபடாதவை சில உண்டு. துணி எவ்வளவு சுருங்கும் என்பதை எந்த விரலாலும் சொல்ல முடியாது. துணியும் தையல் நூலும் ஒரே அளவு சுருங்காவிட்டால், இன்றைக்கு வழுவழுப்பாக இருக்கும் தையல் முதல் சலவைக்குப் பிறகு அலையடிக்கலாம். காலருக்குள் ஒட்டியிருக்கும் கேன்வாஸ், சட்டைத் துணியோடு ஒத்துச் சுருங்காவிட்டால் காலரில் கொப்புளம் கிளம்பும். இப்போதே காலரைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கொப்புளம் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். தெரியாவிட்டால் பின்னால் வராது என்று சொல்ல முடியாது. சலவையில் நிறம் மங்குவதும் அப்படித்தான், கைக்குட்டைச் சோதனை சாயம் ஒட்டுவதை மட்டும் காட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கவரில் அட்டை வைத்து மடித்து ஊசி குத்தியிருக்கும் சட்டையில் மேலே சொன்ன எதையும் பார்க்க முடியாது, பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துப் பிடித்துப்போனதும், "புது பீஸ் தருகிறேன்" என்று உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேறு அடுக்கில் வெட்டி, வேறு கை தைத்ததாக இருக்கலாம். பில் போடுவது நீங்கள் அக்குளில் விரல் ஓட்டிப் பார்த்த அதே சட்டைக்காக இருக்கட்டும்.